பைல் முழுமைச் சோதனை அறிக்கை: கல்லடி, மூன்று மாடிக் கட்டடம்

வாவிக்கரைப் பக்கமாக வார்த்த, 18 மீற்றர் நீளமும் 600 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள ஆறு பைல்களை, அதாவது நிலத்துள் இறங்கும் அத்திவாரத் தூண்களை, சிறு சுத்தியலால் தட்டிச் சோதித்தோம். கொங்கிறீட்டுக்கு வயது 11 நாள். அலை வேகம் செக்கனுக்கு 4000 மீற்றர் எனக் கொண்டோம். அப்படியென்றால் அலை கீழே போய்த் திரும்பி, அடிநுனி எதிரொலி 9 மில்லிசெக்கனில் வர வேண்டும். நான்கு பைல்களில் அது தெளிவாக வந்தது, அவை சரி.

பைல் 14இல் 3.1 மில்லிசெக்கனில், தட்டிய துடிப்பின் அதே திசையில் ஒரு மேடு எழுந்து, உடனே எதிர்த்திசையில் இறங்கியது. குறுக்குவெட்டு சுருங்கும் இடத்தில் அலை அதே திசையில் திரும்பும். மறுபடி அகலும் இடத்தில் எதிர்த்திசையில் திரும்பும். ஆக, 6.2 மீற்றரில் இடுப்புபோல ஒடுங்கியிருக்கிறது. மண் மாற்றமும் இப்படிக் காட்டலாம்தான். ஆனால் பக்கத்துப் பைல்களில் அந்த ஆழத்தில் எதுவுமில்லை. அடிநுனி மங்கலாகவேனும் தெரிவதால் தொடர்ச்சி அறவில்லை.

பைல் 17தான் கவலை தருகிறது. 1.2 மில்லிசெக்கன் இடைவெளியில் ஒரே எதிரொலி மூன்று தடவை திரும்பத் திரும்ப வந்தது, அடிநுனியைக் காணவேயில்லை. அலை 2.4 மீற்றரிலேயே அடைபட்டுத் துள்ளுகிறது. இது விரிசலின் அடையாளம். தலையின் ஓரத்தில் மண்வெட்டி இயந்திரம் உரசிய புதுத் தழும்பும் இருக்கிறது.

17ஐச் சுற்றித் தண்ணீர் இறைத்துத் தோண்டிப் பார்க்கும்வரை அதன்மேல் பைல் தொப்பி வார்க்க வேண்டாம். 14க்குச் சுமைச் சோதனை தேவை. தாங்குதிறனை இந்தச் சோதனை சொல்லாது.