முத்துமாலை

(சீர்காழிப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம். ஆவணி மாதம், இரவு ஒன்பது மணி. கூடத்தில் மாணிக்கம் தரையில் உட்கார்ந்து அரிவாளால் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு சீவுகிறார். செல்வி கட்டிலில் பட்டுப்புடவையை விரித்துப் பாச்சை உருண்டைகளைப் பொறுக்குகிறாள். மூலையில் பீரோ. இருவரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.)

செல்வி: அஞ்சரை பஸ்ஸை விட்டா கும்பகோணத்துக்கு நேரத்துல போய்ச் சேர முடியாது.

மாணிக்கம்: ம்.

செல்வி: அக்கா போன் பண்ணுச்சு. பொண்ணு பக்கத்துல நான்தான் நிக்கணுமாம்.

மாணிக்கம்: பின்ன, சித்தி நிக்காம?

(காம்பை மண்வெட்டியில் செருகிப் பார்க்கிறார். சேரவில்லை. உருவுகிறார்.)

செல்வி: இந்தப் புடவைக்கு என்ன போட்டா எடுப்பா இருக்கும்?

(நீண்ட மௌனம். மரம் சீவும் சத்தம் மட்டும். சீவியது போதும், ஆனாலும் கை நிற்கவில்லை. நடிகர் இங்கே பெருமூச்சு விட்டால் காட்சி செத்துவிடும்.)

மாணிக்கம்: அந்த முத்துமாலை. வேளாங்கண்ணில வாங்குனமே.

செல்வி: அதுவா.

மாணிக்கம்: உனக்கு அதான் நல்லாருக்கும். பவுனைப் போட்டுக்கிட்டு பஸ்ஸுல போனா யாரு காவல் காக்குறது?

(பவுன் என்று அவள் சொல்லவே இல்லை. அது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைக்கிறது. செல்வி புடவையை மடிக்கத் தொடங்குகிறாள். ஓரம் சேரவில்லை, பிரித்து மறுபடி மடிக்கிறாள்.)

செல்வி: வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?

மாணிக்கம்: ஜூன் 12-ல மேட்டூர்ல தொறந்தது. நமக்கு இன்னும் முறை வச்சுத்தான் விடுறாங்க. நாளன்னைக்கு வருமாம்.

செல்வி: வரட்டும்.

மாணிக்கம்: குறுவை மட்டும் பால் பிடிச்சிட்டா...

(நிறுத்திவிடுகிறார்.)

செல்வி: பிடிக்கும்.

(உள்ளே போய், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வருகிறாள். அவர் மடியில் வைக்கிறாள்.)

செல்வி: நாளைக்கு இதைப் போட்டுக்கங்க. இனிமே துவைக்கப் போடுறப்ப பையைப் பாத்துட்டுப் போடுங்க. நனைஞ்சா எழுத்தெல்லாம் போயிடும்.

(மாணிக்கத்தின் விரல் சட்டைப் பைக்குள் போகிறது. நனைந்து காய்ந்த காகிதம், நாலாக மடித்தது. வெளியே எடுக்கவில்லை. வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, தாண்டிப் போகிறது.)

மாணிக்கம்: எழுத்து... தெரியுதா?

செல்வி: தேதி தெரியுது.

(மௌனம்.)

மாணிக்கம்: தை மாசத்துக்குள்ள...

செல்வி: முத்துமாலையைத் தேடணும். சாவியைக் குடுங்க.

(அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்கிறார். முடிச்சு உடனே வரவில்லை. அவள் காத்திருக்கிறாள். சாவி கை மாறுகிறது. அவள் பீரோவைத் திறக்கும்போது அவர் காம்பில் இல்லாத சிலும்பைத் தடவிக்கொண்டிருக்கிறார்.)

செல்வி: (பீரோவுக்குள்ளிருந்து) அலாரத்தை நாலு மணிக்கு வச்சிடுங்க.

மாணிக்கம்: மூணே முக்காலுக்கு வைக்கிறேன். வெந்நீர் நான் போடுறேன்.

(விளக்கு அணைகிறது.)