பி.டி. சாருக்கு தர்ஷினி அம்மா எழுதுற லெட்டர்

காட்பாடி
செவ்வாய்க்கிழமை

சார் வணக்கம். நான் 7ஆம் வகுப்பு பி செக்‌ஷன் தர்ஷினியோட அம்மா. கேட்டாண்ட நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்ல இது, அதனாலதான் எழுதியே குடுத்து அனுப்புறேன், டைம் கிடைக்கசொல்ல பொறுமையா படிங்க.

ஸ்கூல்ல நடந்த மெடிக்கல் கேம்ப்ல டாக்டர் அவளுக்கு நெஞ்சுல ஸ்டெத் வெச்சு பாத்துட்டு கார்டுல ஹார்ட் மர்மர்னு எழுதினாங்க இல்ல, அதுல இருந்து நீங்க அவள கிரவுண்ட்ல இறக்கறதே இல்ல. உங்க மேல தப்பு சொல்ல வரல சார். ஹார்ட்டுன்னு எழுதின கார்ட கையில வெச்சிகினு எந்த வாத்தியாரும் ஒரு பொண்ண ஓட விடமாட்டாங்க, நான் உங்க இடத்துல இருந்தாலும் அதேதான் பண்ணிருப்பேன். ஆனா இப்ப எல்லா டெஸ்ட்டும் எடுத்து முடிச்சாச்சு. சிஎம்சில எக்கோ, ஈசிஜி ரெண்டும் பாத்தாங்க. அந்த ரிப்போர்ட் ஜெராக்ஸும் டாக்டர் எழுதிக் குடுத்த சர்டிபிகேட்டும் இதோட பின் பண்ணிருக்கேன். எல்லா விளையாட்டும் விளையாடலாம், எந்த தடையும் இல்லன்னு அதுல தெளிவா போட்டிருக்காங்க.

என்னன்னா சார், இதயத்துல கீழ் ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்கிற சுவத்துல ரொம்ப சின்னதா ஒரு ஓட்டை இருக்கு, வி.எஸ்.டி.ன்னு சொல்றாங்க. பொறந்ததுல இருந்தே இருக்கிறது, புதுசா வந்தது இல்ல. 2 மில்லிமீட்டர்தான். ஓட்டைன்ற வார்த்தைய கேட்டதும் எங்க வூட்டுக்காரர் ராணிப்பேட்டை கம்பெனில இருந்து ஷிப்ட்ட பாதில விட்டுட்டு ஓடி வந்தார், பயப்படாம யாரும் இருக்கமாட்டாங்க. அப்பறம் அந்த டாக்டரம்மா ஒக்கார வெச்சு படம் வரைஞ்சு சொன்னாங்க. இடது பக்க அறையில அழுத்தம் ஜாஸ்தி, வலது பக்கம் கம்மி, அதனால ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் அந்த சின்ன ஓட்டை வழியா இந்தப் பக்கம் பீச்சி அடிக்குது, அந்த சத்தம்தான் ஸ்டெத்ல கேக்குது. தண்ணி டியூப் வாய கட்டவிரலால அமுக்கினா எப்படி ஸ்ஸ்ஸுன்னு சத்தம் போட்டுகினு பீச்சுது, அந்த மாதிரி. இதுல எனக்கே ஆச்சரியமா இருந்தது என்னன்னா, ஓட்டை சின்னதா இருந்தாதான் பெரும்பாலும் சத்தம் நல்லா கேக்குமாம், பெரிய ஓட்டைன்னா ரெண்டு பக்கமும் அழுத்தம் சமமாயிட்டு சத்தம் கம்மியா கூட இருக்குமாம். அதனால சத்தம் பலமா இருக்குன்னு கார்டுல எழுதினத பாத்து நோயும் பலமா இருக்குன்னு நினைக்க வேணாம் சார். இவளுக்கு இதயம் வீங்கல, வால்வு நல்லா இருக்கு, நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல அழுத்தம் நார்மல். மாத்திர இல்ல, ஆபரேஷன் இல்ல, அவங்க சொல்ற தேதிக்கு செக்கப்புக்கு மட்டும் போயிட்டு வரணும். ஓட்டை தானா மூடிக்கவும் வாய்ப்பு இருக்குது, மூடலன்னாலும் இந்த அளவுல ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டாங்க.

ஓடினா ஓட்டை பெருசாகிடும்னு யாராவது உங்களாண்ட சொல்லிருக்கலாம், எங்க சொந்தக்காரங்களே எத்தன பேர் சொல்றாங்க. அப்படி எதுவும் கிடையாது. ஓடாம ஒக்காந்தே இருந்தாதான் ஒடம்பு கெட்டுப்போகும்.

அவ இப்ப எப்படி இருக்கான்னு உங்களுக்கு தெரியணும் சார். பி.டி. பீரியட்ல புங்கமரத்தாண்ட ஒக்காந்து மத்த புள்ளைங்களோட வாட்ச், கம்மல், வாட்டர் பாட்டில் எல்லாத்தையும் மடியில வெச்சிகினு ஸ்கோர் எழுதுறா. வூட்டுக்கு வந்து யூனிபார்ம கூட மாத்தாம தெருவுல இருக்கிற கரெண்ட் கம்பத்த ஒரு கையால புடிச்சு சர்ருன்னு திரும்புறா, கோ-கோல போல் திரும்புறதுக்கு பிராக்டீஸாம். உள்ளங்கையெல்லாம் சிராய்ச்சிருக்கு. கூட படிக்கிற ஒரு புள்ள, இவள தொட்டா செத்துருவான்னு சொல்லிருக்கு. அன்னிக்கு ராத்திரி போர்வைய தலைக்கு மேல இழுத்து மூடிகினு, “அம்மா நான் செத்துடுவனா”ன்னு கேட்டா. பன்னெண்டு வயசு பொண்ணு கேக்குற கேள்வியா சார் இது. டாக்டர் போதும்னு சொன்ன பயத்த நாம இன்னும் அவ தலையில வெச்சிருக்க வேணாம். நீங்க ஒரு வாட்டி கிளாஸ் முன்னாடி, தர்ஷினிக்கு ஒண்ணும் இல்ல, அவளும் விளையாடலாம்னு சொன்னீங்கன்னா போதும், நீங்க சொன்னாதான் புள்ளைங்க நம்பும்.

அதுக்காக கண்ண மூடிகினு விட்டுடுங்கன்னு சொல்ல வரல. டாக்டரம்மா எதெத கவனிக்க சொன்னாங்களோ அத அப்படியே எழுதுறேன். ஓடிகினு இருக்கசொல்லவே மயக்கம் போட்டு விழுந்தா, இல்ல ஓடசொல்ல நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா, ஒதடு நீலமா மாறினா, நின்ன பிறகும் படபடப்பு அடங்காம இருந்தா, அன்னிக்கு விளையாட்ட நிறுத்திட்டு ஒடனே எனக்கு போன் பண்ணுங்க, மறுபடியும் டாக்டர் பாத்து சொல்ற வரைக்கும் இறக்க வேணாம். காலையில சாப்புடாம வந்து பிரேயர்ல வெயில்ல நின்னு தலை சுத்துறது வேற, அது எந்த புள்ளைக்கும் வரும், ஓடசொல்ல விழுறது வேற. விழுந்து பேச்சு மூச்சு இல்லன்னா யாரையும் கேக்க வேணாம், ஒருத்தர் 108க்கு அடிக்கட்டும், நீங்க நெஞ்சுல கை வெச்சு அமுக்க ஆரம்பிச்சிடுங்க சார். இவளுக்கு அப்படி வரும்னு எழுதல, எந்த புள்ளைக்குன்னாலும் அதான் செய்யணும், ஆம்புலன்ஸ் வர வரைக்கும் சும்மா நிக்கக்கூடாது.

ஜுரம் இருக்கிற அன்னிக்கு மட்டும் ஓட விடாதீங்க. அது ஹார்ட்டுக்காக மட்டும் இல்ல, யாருக்கும் ஜுரத்துல ஓட்டம் ஆகாது. நானே டைரில எழுதி அனுப்பிடுறேன். ஸ்கூல்ல வாரா வாரம் குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரைய அவளுக்கு தாராளமா குடுக்கலாம், ரத்தம் கம்மியானா அந்த சத்தம் இன்னும் ஜாஸ்தியாகும், மூச்சும் வாங்கும். பல்லு சொத்தையாகாம பாத்துக்க சொல்லிருக்காங்க, பல்லுல இருந்து கிருமி ரத்தத்துல கலந்து இதயத்துக்குப் போக வாய்ப்பு இருக்காம், அது எங்க வேல, நாங்க பாத்துக்குறோம்.

இன்னொண்ணு சார், ஸ்பெஷலாவும் பாக்காதீங்க. நம்ம வேலூர் வெயிலு உங்களுக்கு தெரியாததா, மத்த புள்ளைங்களுக்கு எப்ப தண்ணி, எப்ப ரெஸ்ட்டோ அதே இவளுக்கும். எல்லாரும் மூணு ரவுண்ட் ஓடினா இவளும் மூணு ரவுண்ட் ஓடட்டும். இத்தன நாள் ஒக்காந்துட்டதால மொதல்ல மூச்சு வாங்கும், அத பாத்து பயந்துடாதீங்க, ரெண்டு வாரம் மெதுவா ஏத்துனா சரியாயிடும். கபடில மேல விழுந்து புடிச்சாலும் ஒண்ணும் ஆகாதான்னு டாக்டரம்மாவ தனியா கேட்டேன், ஆகாதுன்னாங்க.

ஸோனலுக்கு கோ-கோ டீம் எடுக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அவள டீம்ல போடுங்கன்னு கேக்கல, நல்லா ஆடுற புள்ளைய எடுங்க. செலக்‌ஷன்ல நிக்க மட்டும் விடுங்க, தோத்தா தோத்துட்டு வரட்டும்.

ஹெட்மிஸ்கிட்டயும் ஒரு காப்பி குடுத்திருக்கேன். ரிப்போர்ட்ல ஏதாவது புரியலன்னா சாயந்திரம் நாலரைக்கு மேல எப்ப வேணாலும் போன் பண்ணுங்க, நம்பர் அவ டைரில மொத பக்கத்துல இருக்கு. வியாழக்கிழமை பி.டி. பீரியடுக்கு ஷூ போட்டு அனுப்புறேன் சார்.

இப்படிக்கு
தர்ஷினி அம்மா