காரிய வீட்டுக்கு ஒரு அவசரக் கேள்வி

பீன்யா, பெங்களூரு. திங்கட்கிழமை.

காலை 10:05, பழனி அண்ணாவின் மச்சானுக்குக் குறுஞ்செய்தி

வணக்கம் அண்ணா. பீன்யாவில் இருந்து செந்தில், பழனி அண்ணாவோட கம்பெனி, காலை ஷிப்ட். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்: இங்க யாருக்கும் அடிபடல, எல்லாரும் நல்லா இருக்காங்க. லீவு லெட்டர்ல "ரொம்ப அவசரம்னா மட்டும் மச்சான் நம்பர்"னு எழுதியிருந்தார். அதனாலதான் அவருக்கு நேரா கூப்பிடாம உங்களுக்கு எழுதறேன்.

நாளைக்கு அப்பாவோட பதினாறாம் நாள் காரியம்னு எங்களுக்குத் தெரியும். ஒரு மெஷினோட அளவு ஒண்ணு அவருக்கு மட்டும்தான் தெரியும். மதியம் 2 மணிக்குள்ள எப்பவாவது ரெண்டு நிமிஷம் ஓய்வா உட்கார்ந்தா, வாட்ஸாப்ல அனுப்பற மெசேஜை அவர்கிட்ட காட்டுங்க. வந்தவங்களோட பேசிட்டிருந்தாலோ, மனசு சரியில்லாம இருந்தாலோ காட்டவே வேண்டாம். "இப்ப முடியாது"ன்னு ஒரு வரி போட்டா போதும், திரும்பக் கேட்க மாட்டோம்.

காலை 10:12, பழனி அண்ணாவுக்கு, மச்சான் எண்ணுக்கு வாட்ஸாப்

பழனி அண்ணா, இந்த நேரத்துல எழுதறதுக்கு மன்னிக்கணும். கேள்வி ரெண்டே ரெண்டு. அதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும். கீழே உள்ளதை நேரம் இருந்தா மட்டும் படிங்க.

1. வி.எம்.சி. ரெண்டாம் நம்பர்ல, Z ஜீரோவில் நிற்கும்போது டேபிள் மேல்மட்டத்துல இருந்து ஸ்பிண்டில் முகம் வரைக்கும் எவ்வளவு? (ஜனவரியில பெல்ட் மாத்தினப்போ நீங்க எடுத்த அளவு.)

2. நம்பர் ஞாபகத்துல இல்லன்னா, அது எங்க எழுதியிருக்கு? ஹேண்ட்ஓவர் நோட்டுல "Z அளவு டைரியில்"னு இருக்கு. டைரி உங்க லாக்கர்ல இருக்கும்னு நினைக்கிறோம். நீங்க சொல்லாம லாக்கரைத் தொட மாட்டோம்.

நீங்க கிளம்பி வர வேண்டாம் அண்ணா. தர்மபுரி பக்கம்தானேன்னு பஸ் ஏறிடாதீங்க. வீடியோ காலும் வேண்டாம்.

என்ன ஆச்சுன்னா: ஞாயிற்றுக்கிழமை லைன் வேலைன்னு கரண்ட் நிறுத்தம். சனி ராத்திரி மெயின் ஆஃப் பண்ணிட்டுப் போனோம். என்கோடர் பேட்டரிப் பெட்டியில இருந்த நாலு பெரிய செல்லும் செத்திருக்கு, ஒண்ணு கசிஞ்சும் இருக்கு. மெஷின் ஆன்ல இருந்த வரைக்கும் கண்ட்ரோல் கரண்ட்லயே நிலை நினைவுல இருந்துச்சு. ஆஃப் பண்ணதும் மூணு ஆக்சிஸும் மறந்துபோச்சு. இன்னிக்குக் காலையில ஸ்க்ரீன்ல வந்தது:

```
DS0306 APC ALARM: BATTERY VOLTAGE 0
DS0300 APC ALARM: NEED REF RETURN
```

இதுவரைக்கும் பண்ணது: கண்ட்ரோல் ஆன்லயே வச்சு, எமர்ஜென்ஸி அழுத்திட்டு, நாலு ஆல்கலைன் செல் புதுசா போட்டோம். மீட்டர்ல 6.3 வோல்ட் காட்டுது. 306 போயிடுச்சு. 300 நிக்குது, ரெஃபரன்ஸ் வைக்கிற வரைக்கும் அது போகாது. X, Y ரெண்டுலயும் நீங்க ஒட்டின மார்க் பளிச்சுன்னு இருக்கு. ஹேண்டில்ல மெதுவா ஓட்டி, மோட்டார் ஒரு சுத்துக்கு மேல சுத்தினதை உறுதி பண்ணிட்டு, மார்க்குக்குக் கொண்டுவந்து, 1815-ல APZ வச்சு ஆஃப் ஆன் பண்ணியாச்சு. அதுல முடிக்கனம் வித்தியாசம் இருந்தாலும் ஃபிக்ஸ்சர் டவல்ல டயல் வச்சு G54 புதுசா எடுத்துக்குவோம்.

Z-லதான் மாட்டிக்கிட்டோம். ஸ்டிக்கர் கூலன்ட்ல ஊறி விழுந்துடுச்சு, பசை தடம்கூட இல்ல. பென்டிரைவ் பேக்கப்பைப் பார்த்தாச்சு. பாராமீட்டர் எல்லாம் பத்திரமா இருக்கு, ஆனா ஸ்பிண்டில் நிஜமா எந்த உயரத்துல நிக்கணும்கிறது அதுல இருக்காது. குத்துமதிப்பா வச்சு டூல் மாத்தினா ஆர்ம் விரல் ஹோல்டர் பள்ளத்துல சரியா உட்காராது. ஒரு மில்லி தப்பினாலே டூல் கீழ விழும், இல்லன்னா ஆர்ம் வளையும். அதனால M6 யாரும் கொடுக்கக் கூடாதுன்னு பேனல்ல எழுதி ஒட்டியிருக்கேன். ரெஃபரன்ஸ் இல்லாததால சாஃப்ட் லிமிட்டையும் நம்ப முடியாது, ஹேண்டில் x10-க்கு மேல போகல.

நாளை வரைக்கும் காத்திருக்க முடியாததுக்குக் காரணம்: மானிஃபோல்ட் பிளாக் 48-ல 31 முடிஞ்சது, 17 பாக்கி. நாளைக் காலை 6 மணிக்கு லோடு கிளம்பணும். பீஸுக்கு 22 நிமிஷம், மொத்தம் ஆறேகால் மணி நேரம். மூணேகால் மணிக்குள்ள முதல் பீஸ் ஏறினா ராத்திரி பத்துக்குள்ள முடியும். நாலாவது ஆக்சிஸ் இந்த மெஷின்ல மட்டும்தான் இருக்கு, வேற மெஷினுக்கு மாத்த வழியில்ல. மெஷின் கம்பெனி சர்வீஸ் ஆள் புதன்கிழமைதான் வர முடியும்னுட்டாங்க. பார்ட்டிகிட்ட மேனேஜர் பேசிட்டார். 48-ம் ஒண்ணா வேணும், பிரிச்சு வாங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க.

2 மணி வரைக்கும் பதில் வரலைன்னா: ஆர்மைத் தொடாம, ஏழு டூலையும் கையால மாத்தி ஓட்டுவோம். புரோகிராம்ல M6 இருக்கிற இடத்துல M00 போட்டு வச்சாச்சு. நீளமும் ஒவ்வொரு டூலுக்கும் புதுசா எடுப்போம். பீஸுக்கு 32 நிமிஷம் ஆகும், ராத்திரி பத்தரைக்குள்ள 14 வரும், மூணு குறையும். அந்த மூணுக்கு பார்ட்டிகிட்ட பேச வேண்டியது மேனேஜர் பொறுப்பு. உங்க பதில் வராததால ஆச்சுன்னு இங்க ஒருத்தரும் பேச மாட்டாங்க, நான் பேச விடமாட்டேன். பேட்டரியை வருஷாவருஷம் மாத்தியிருக்க வேண்டியது ஷிப்ட் பொறுப்புல இருக்கிற எங்க வேலை.

அதனால மனசு ஒப்பலன்னா போனைத் திருப்பிக் கொடுத்துடுங்க அண்ணா.

காலை 10:20, ஷிப்ட் குழுவுக்கு

எல்லாரும் கவனிங்க. ரெண்டாம் நம்பர் Z விஷயமா பழனி அண்ணா வீட்டுக்கு ஒரே ஒரு மெசேஜ் போயிருக்கு, என் நம்பர்ல இருந்து. வேற யாரும் அவருக்கோ மச்சானுக்கோ போன் பண்ண வேண்டாம், "பார்த்தீங்களா"ன்னு கேட்கவும் வேண்டாம். ரெண்டு டிக் நீலமாச்சான்னு என்கிட்டயும் கேட்காதீங்க. சாவித்திரி, ஜாப் கார்டுல அவர் பேர் இருக்கிற மத்த ரெண்டு சந்தேகமும் வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கட்டும், இதோட சேர்த்து அனுப்ப வேண்டாம். நாளைக்குக் காரியத்துக்குப் போற மூணு பேரும் அங்க மெஷின் பேச்சே எடுக்காதீங்க.

2 மணி வரைக்கும் மெஷின் எமர்ஜென்ஸியிலேயே இருக்கட்டும். அதுக்குள்ள BT40 டெஸ்ட் மேன்ட்ரல், ஸ்லிப் கேஜ் பெட்டி, 300 சிலிண்டர் ஸ்கொயர் மூணையும் துடைச்சு டேபிள் பக்கத்துல வைங்க. பதில் வந்தா தேடிட்டு நிக்கக் கூடாது. கையால மாத்துற வேலைக்கு ஏழு டூலும் வரிசைப்படி டிராலியில இருக்கணும்.

மதியம் 12:48, மச்சானிடமிருந்து

மாமா சொல்லச் சொன்னாரு. 640.35. எலக்ட்ரிக் பேனல் கதவு உள்பக்கம், கீழ, மார்க்கர்ல எழுதியிருக்காம், முதல்ல அதைப் பார்த்து ஒத்துப்போகுதான்னு பாருங்கன்னாரு. லாக்கர் திறக்க வேண்டாம், டைரி ஊர்ல அவர் பையில இருக்கு. மேன்ட்ரல் 300, அடியில 340.35 அடுக்கணும், 0.02 ஷிம் பிடிச்சு நகரணும். முதல் டூல் மாத்தம் டூலே இல்லாம, ஒவ்வொரு ஸ்டெப்பா.

மதியம் 12:51

கிடைச்சது. பேனல் கதவுலயும் 640.35தான். இது போதும், இனி எதுவும் கேட்க மாட்டோம். நன்றி அண்ணா. மாமாவை ஓய்வெடுக்கச் சொல்லுங்க.

மாலை 4:30, கடைசி மெசேஜ், பதில் வேண்டாம்

Z வச்சாச்சு, ஷிம் சொன்ன மாதிரியே பிடிச்சது. ஆர்ம் டூல் இல்லாம நாலு தடவை, சின்ன டூலோட ரெண்டு தடவை, டேபிள் மேல மரப்பலகை போட்டு ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லாம உட்காருது. ஏழு டூலோட நீளமும் திரும்பப் பார்த்தோம், பழைய நம்பரோட ஒத்துப்போச்சு. முதல் பீஸ் இன்ஸ்பெக்ஷன்ல ஓகே, இப்ப மூணாவது ஓடுது. பத்து மணிக்குள்ள முடிஞ்சிடும். இதை நினைச்சுட்டு இருக்க வேண்டாம்னுதான் எழுதறேன்.

வியாழக்கிழமை காலை, பழனி அண்ணாவின் மேஜையில் வைத்த தாள்

அண்ணா, வாங்க. யாரையும் கேட்காம தெரிஞ்சுக்கறதுக்காக:

17 பீஸும் திங்கள் ராத்திரி 9:50-க்கு முடிஞ்சது, லோடு நேரத்துக்குப் போச்சு. Z அளவு இப்ப மூணு இடத்துல இருக்கு: பேனல் கதவு, ஹேண்ட்ஓவர் நோட்டு முதல் பக்கம், ஆபீஸ் ஃபைல். Z-க்கு ஸ்டிக்கர் போடல. காலம்-ஹெட் ரெண்டுலயும் உளியால நேர்க்கோடு கீறி, மேல ஒயிட் மார்க் வச்சிருக்கோம். கோடு கிட்டத்துல கொண்டுவர மட்டும்தான், அளவு மேன்ட்ரல்லதான் எடுக்கணும். நீங்க ஒருமுறை பார்த்துச் சொன்னா போதும், இன்னிக்கே பார்க்கணும்னு இல்ல.

நாலு மெஷின்லயும் பேட்டரி மாத்தியாச்சு, பெட்டி மூடியில தேதி இருக்கு. ஒண்ணாம் நம்பர்ல பழைய செல் 5.1 வோல்ட்தான் இருந்துச்சு, அடுத்த கரண்ட் நிறுத்தத்துல அதுவும் போயிருக்கும். இனி மெயின் ஆஃப் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி வோல்ட் எழுதி, ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்துப் போடணும்.

திங்கட்கிழமை உங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்ட நேரத்துக்கு அரை நாள் லீவு திரும்பச் சேர்த்தாச்சு, மேனேஜர் கையெழுத்து ஆச்சு. ஜாப் கார்டு சந்தேகம் ரெண்டு இருக்கு. நாளைக்குக் கேட்கறேன்.

செந்தில்