கூத்து வரிசை, 7ஆம் அட்டை: துரியோதனன் (படத்துக்கான குறிப்பு)

தம்பி, இந்த அட்டைக்குத் தெருக்கூத்தில் வரும் துரியோதனன் வேண்டும். காலண்டர் படத்து மகாபாரதத் துரியோதனன் வேண்டாம். திரௌபதியம்மன் கோயில் திடலில் ராத்திரி கட்டை கட்டி ஆடுகிற ஆள்தான் வேண்டும். மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டின கிரீடம், தோளிலிருந்து இறக்கை மாதிரி விரியும் புஜகீர்த்தி, மார்பதக்கம், உள்ளே துணியைச் சுற்றிச் சுற்றி உப்ப வைத்த பாவாடை, காலில் சலங்கை.

திரைக்குப் பின்னால் பாடிக்கொண்டிருந்தவன் திரை விலகியதும் சபைக்கு நேராகத் திரும்பி நிற்பானே, அந்த நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை, ஆனால் சலங்கை ஒரு தடவை குலுங்கிவிட்டது.

உருவம் நட்ட நடுவில். மூக்கு, மார்பதக்கம், இடுப்பு மூன்றும் அட்டையின் மையக்கோட்டில் விழ வேண்டும். வலது கையில் கதை, அதை வெளிப்பக்கமாகச் சாய்த்துத் தூக்கியிருக்கிறான். கதையின் தலை கிரீடத்தைத் தொடவே கூடாது, இரண்டுக்கும் நடுவில் வெற்றிடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இடது கை இடுப்பில், முழங்கை வெளியே. கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு முக்கோண ஓட்டை விழும், அதை அடைத்துவிடாதீர்கள், புஜகீர்த்தி அத்தனை அகலமாக இருப்பதால் அந்த ஓட்டை இல்லையென்றால் மேல் உடம்பு முழுக்க ஒரே பாறாங்கல்லாகத் தெரியும். கால்கள் அகட்டி, முழங்கால் லேசாக மடங்கி, இரண்டு பாதமும் முழுசாகத் தெரிய வேண்டும்.

வரைந்ததும் உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கூத்துப் பார்த்து வளர்ந்தவர் யாராவது அதைப் பார்த்து "ராஜ வேஷம்" என்று சொல்லிவிட்டால் சரி. குடை பிடித்த ஆள் மாதிரித் தெரிந்தால் திரும்ப வரையுங்கள்.

சட்டத்துக்கான இடம்: வெட்டின அட்டை 63 x 88 மில்லிமீட்டர். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம் சேர்த்து 69 x 94, 600 டிபிஐ, அதாவது 1630 x 2220 பிக்ஸல். வெட்டின விளிம்பிலிருந்து மேலே 11 மில்லிமீட்டர் பெயர்ப்பட்டைக்குப் போகும், கீழே 26 விளக்கப் பெட்டிக்கு, பக்கத்துக்கு 4 சட்டத்துக்கு. மிச்சம் 55 அகலம், 51 உயரம், அவ்வளவுதான் உங்கள் மேடை. கிரீடத்தின் நுனியிலிருந்து பாதம் வரை 46 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். போன மாதம் கரகாட்ட அட்டையில் என்ன ஆயிற்று என்று ஞாபகம் இருக்கும்: கரகத்தின் உச்சியில் இருந்த கிளி பெயர்ப்பட்டைக்குள் போய், அச்சில் வால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையது, அளவைச் சொல்லாமல் விட்டேன், அதனால்தான் இப்போது இத்தனை எண்கள்.

பின்னணி ஓவியம் மட்டும் வெட்டு ஓரம் வரை முழுக்க ஓடட்டும். சட்டத்துக்கு அடியில் போகிற பகுதிகளில் முகம், கை, எழுத்து எதுவும் வேண்டாம். மேலே ராத்திரி வானம், கீழே மிதிபட்ட செம்மண், கொஞ்சம் புழுதி. திரை பிடிக்கும் இரண்டு ஆட்களை வரையக் கை துறுதுறுக்கும், எனக்கும் ஆசைதான், ஆனால் அவர்கள் வந்தால் நடு உருவத்தின் ஓரம் குழம்பிவிடும், வேண்டாம். விலகின திரையின் சுருக்கம் இரண்டு பக்கமும் மங்கலாகத் தெரிந்தால் போதும். கட்டியங்காரனும் வேண்டாம், அவனுக்குத் தனி அட்டை இருக்கிறது.

வெளிச்சம் பின்னாலிருந்து, பெட்ரோமாக்ஸ் மஞ்சள். கிரீடத்துக்கும் தோளுக்கும் பின்னால்தான் அது அதிகம் வெளுத்திருக்க வேண்டும், அங்கேதான் உருவத்தின் ஓரம் வெட்டினாற்போல் தெரிய வேண்டியது. முன்னால் மங்கலான ஒளி ஒன்று முகத்தில் மட்டும். முகம் சிவப்பு அரிதாரம், மேலே வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும், மீசை பெரிசு, கறுப்பு. கண்கள் அகலத் திறந்திருக்கட்டும். கோபம் வேண்டாம், சபையில் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் தன் குடிமக்கள் என்கிற மிதப்பு. கண்ணாடிச் சில்லுகளில் ஆறேழு மட்டும் மின்னட்டும், எல்லாமே மின்னினால் சீரியல் செட் போட்ட மாதிரி ஆகிவிடும்.

கட்டுமஸ்தான உடம்பு வேண்டாம். ராத்திரி முழுக்க ஆடுகிற நாற்பது வயதுக்காரரின் உடம்பு, கழுத்தில் வியர்வை அரிதாரத்தைக் கொஞ்சம் கரைத்திருக்கலாம்.

படத்துக்குள் எழுத்து, கையொப்பம் எதுவும் வேண்டாம், பெயரைச் சட்டத்தில் நான் போட்டுக்கொள்கிறேன். முதலில் வெறும் கறுப்பு உருவமாக மூன்று மாதிரி, koothu_07_a.png, koothu_07_b.png, koothu_07_c.png என்று வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறேன், அதுவரை வண்ணத்தில் கை வைக்காதீர்கள்.