இரண்டாம் ஆண்டு வணிகவியல் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேட்பாளரின் கடிதம்

அன்புள்ள தோழர்களே, தோழிகளே,

வணக்கம். மாணவர் பேரவைச் செயலாளர் பொறுப்புக்கு நான் வேட்புமனு தாக்கல் செய்த செய்தி வந்ததும் நம் வகுப்பில் எழுந்த முதல் கேள்வி, "ஜெயித்த பிறகு இந்தப் பக்கம் வருவாயா?" என்பதுதான். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சென்ற ஆண்டு வகுப்பு வகுப்பாக வந்து கைகூப்பியவர்களைப் பதவியேற்பு விழாவுக்குப் பின் நம்மில் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை. ஆகவே என்னால் எதைச் செய்ய முடியும், எதைக் கேட்க மட்டுமே முடியும் என்று பிரித்து எழுதுகிறேன்.

முதலில், செய்யக்கூடியது. பேருந்துப் பயண அட்டைக்கும் கல்வி உதவித்தொகைக்கும் போனஃபைடு சான்றிதழ் வாங்க அலுவலகச் சன்னலில் நிற்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பாடு. சன்னல் திறந்திருக்கும் நேரத்தில் நமக்கு வகுப்பு இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பாரிமுனையிலும் மண்ணடியிலும் கடை வேலைக்கு ஓட வேண்டியவர்கள் நம்மில் பலர். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவர்களுக்கு வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ ஒரு சிறு பிழை வந்தாலும் பணம் நின்றுவிடுகிறது. யாரைப் போய்ப் பார்ப்பது என்பதும் தெரிவதில்லை. வகுப்புப் பிரதிநிதிகள் திங்கள்தோறும் விண்ணப்பங்களைத் திரட்டித் தர, பேரவை அவற்றை மொத்தமாக அலுவலகத்தில் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் வாங்கி வரும் முறையை ஏற்படுத்துவேன். இதற்குத் தனி நிதியோ புதிய ஆணையோ வேண்டியதில்லை, அலையும் ஆட்கள்தான் வேண்டும்.

அடுத்தது பேரவைக் கணக்கு. நம் கட்டண ரசீதில் பேரவைக்கென்று ஒரு தொகை இருக்கிறது. அது எதற்குச் செலவானது என்பதை மாதந்தோறும் தமிழில் எழுதி, நூலகத்துக்கு எதிரே உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். ஆண்டு விழாப் பந்தலுக்கு என்ன கொடுத்தோம் என்பது பணம் கட்டியவர்களுக்குத் தெரிவது சலுகை அல்ல, உரிமை.

இனி, கேட்க மட்டுமே முடிந்தவை. எண்ணூர், கத்திவாக்கம் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டித் தடத்து ரயிலில் வருகிறவர்கள், வண்டி தாமதமாகும் நாள்களில் முதல் மணி நேரத்து வருகைப் பதிவை இழக்கிறார்கள். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற நிலையில் இது சின்ன இழப்பு அல்ல. இதைத் திருத்தும் அதிகாரம் செயலாளருக்கு இல்லை, முதல்வருக்கும் துறைத்தலைவர்களுக்குமே உண்டு. தாமதமான நாள்களின் பட்டியலோடு எழுத்து மூலமாக அவர்களிடம் முறையிட்டு, கிடைக்கும் பதிலை, மறுப்பாகவே இருந்தாலும், உங்கள் முன் வைப்பேன். மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வராத பிரச்சினையையும் அப்படியே விடாமல் கேட்பேன். சுற்றி வளைத்துச் சொல்லப் பழகிய இந்தப் பிரச்சினையைப் பேரவைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச ஒரு பெண் அங்கே இருக்க வேண்டும் என்பது நான் போட்டியிட முக்கியமான காரணம். தேர்வுக் கட்டணத்தைக் குறைப்பேன், அகமதிப்பெண் வாங்கித் தருவேன் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது, மதிப்பெண் ஆசிரியரின் கையில் இருக்கிறது.

"செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்றும் சிலர் கேட்டீர்கள். 2006-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன லிங்டோ குழுப் பரிந்துரைகளின்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. அச்சடித்த சுவரொட்டியும் கூடாது. எனக்கு அவ்வளவும் தேவைப்படாது. சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் என் சேமிப்பில் வாங்கியவை. முடிவு வந்த இரண்டு வாரங்களுக்குள் கல்லூரியிடம் தர வேண்டிய கணக்கின் நகலை வகுப்பிலும் தருவேன். எந்தப் பேருந்து ரூட்டின் பெயராலும் எனக்கு ஆதரவு திரட்ட வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரூட்டுச் சண்டையில் வழக்கு வாங்கிப் படிப்பை இழந்த பிள்ளைகள் நம் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இருக்கிறார்கள். அந்தப் பெருமையில் வரும் ஒரு வாக்கும் எனக்கு வேண்டாம்.

இன்னொரு ஐயமும் நியாயமானதே. அதே பரிந்துரைகளின்படி நிர்வாகிப் பொறுப்புக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் போட்டியிட முடியும். மறுபடி வாக்குக் கேட்டு வரப்போவதில்லை என்றால் நான் ஏன் உங்களுக்குப் பதில் சொல்லப் போகிறேன்? அதனால்தான் இந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டு, ஒரு நகலை நம் வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மதிய இடைவேளையில் வகுப்புக்கு வந்து, மேலே சொன்னவற்றில் எது முடிந்தது, எது நிற்கிறது என்று சொல்வேன். தொடர்ந்து இரண்டு மாதம் நான் வராவிட்டால், இதைக் காட்டி என் பதவி விலகலைக் கேளுங்கள், மறுக்க மாட்டேன்.

வரும் வியாழக்கிழமை மதியம் வணிகவியல் துறை மாடிப்படி அருகில் இருப்பேன். எனக்கு வாக்களிக்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் வந்து கேள்வி கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புத் தோழி,
செ. கயல்விழி,
காசிமேடு