கவர்

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2023-ஆம் ஆண்டில்தான் அண்ணாச்சியின் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். செய்தியைப் படித்துக் காட்டிவிட்டு, "நம் கடைக்கும் ஒரு பிராண்டு வேண்டும் அப்பா" என்றாள்.

"இருபது வருடமாகக் கடை நடக்கவில்லையா?"

"நடக்கிறது. ஆனால் திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் கருப்பட்டி வாங்கிப் போனால், எந்தக் கடையில் வாங்கினோம் என்று அவர்களுக்குத் தெரிகிறதா?"

தெரியாதுதான். சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியை நேற்றைய தினத்தாளில் சுற்றி, சணலால் இரண்டு சுற்றுச் சுற்றித் தருவது அவர் வழக்கம். தாளில் யாரோ ஓர் அமைச்சரின் படம் இருக்கும்; அண்ணாச்சியின் பெயர் இருக்காது.

அச்சகத்துக்கு இருவரும் போனார்கள். பனைமரம், கீழே கடையின் பெயர், பச்சை எழுத்து. பிராண்டு என்றால் இதுதான் போலிருக்கிறது என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார். அச்சகத்துக்காரர் விடவில்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் கேட்டார், பதினான்கு இலக்கம். எடை, விலை, கட்டிய தேதி எழுத இடம் விட்டார். கடைசியாக, "புகாருக்கு எந்த நம்பர் போட?" என்றார்.

"சரக்கு நன்றாக இருந்தால் புகார் எதற்கு வருகிறது?"

"போட்டே ஆக வேண்டும் அண்ணாச்சி. சட்டம்."

தம் கைப்பேசி எண்ணைச் சொன்னார், வேண்டாவெறுப்பாக. ஆயிரம் கவர் வந்து இறங்கியது.

வைகாசி விசாகத்துக்கு நல்ல விற்பனை. பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்கள், "அந்தப் பனைமரக் கவர் கருப்பட்டி இருக்கிறதா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அண்ணாச்சி கல்லாவில் உட்காரும் விதமே மாறிவிட்டது என்று எதிர்க்கடைக்காரர் சொல்வார். கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம்.

ஆவணிக்குப் பிறகு பதநீர் ஏது? கார்த்திகையில் கையிருப்பு தீர்ந்தது. வழக்கமாக வருகிற வியாபாரி பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினான். விலை பாதிதான். ஏன் பாதி என்று அண்ணாச்சி கேட்கவில்லை. எல்லா வருடமும் கேட்காமல் வாங்குவதுதான். இந்த வருடம் அதைக் கவரில் போட்டார், அவ்வளவே.

பதினைந்து நாள் கழித்து, கடை திறக்கும் முன்பே போன் வந்தது. தாம்பரத்திலிருந்து ஒரு பெண்.

"ஐயா, எங்களுக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். அம்மாவுக்குச் சுக்குக் காப்பியில் உங்கள் கருப்பட்டியைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இது கருப்பட்டி இல்லை என்று தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார்கள். சண்டை போடக் கூப்பிடவில்லை. கவரில் நம்பர் இருந்தது, அதனால் கேட்கிறேன்."

அண்ணாச்சிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "பார்த்துச் சொல்கிறேன் தாயி" என்று வைத்துவிட்டார்.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் படிக்கல்லால் தட்டினார். உடைந்த முகம் மினுமினுத்தது. வீட்டுக்கென்று ஒளித்து வைத்திருந்த பழைய கருப்பட்டியை உடைத்துப் பக்கத்தில் வைத்தார். அது மங்கலாக, மண் நிறத்தில் இருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வைத்துப் பார்த்தார். சீனி.

இருபது கார்த்திகையாக இதே சரக்கை விற்றிருக்கிறார். எவ்வளவு பேர் தம்ளரைத் தள்ளி வைத்தார்களோ! தினத்தாளைக் கசக்கி எறிந்த பிறகு யாரிடம் போய்க் கேட்பார்கள்? அமைச்சரிடமா?

மகள் கல்லூரிக்குக் கிளம்பும்போது பார்த்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து, ஒட்டிய கவர்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கருப்பட்டியைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று பொட்டலம். அவள் ஒன்றும் கேட்காமல் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

வீட்டுக் கருப்பட்டியில் அரைக்கிலோ அன்றைக்கே தாம்பரத்துக்குப் பார்சல் போனது. சாக்கின் மேல் ஓர் அட்டை செருகப்பட்டது: 'சீனி கலந்தது. கிலோவுக்கு நூறு ரூபாய் குறைவு.' எதிர்க்கடைக்காரர் வந்து அதை இரண்டு முறை வாசித்துவிட்டுப் போனார்.

தை மாதத்தில் தெற்குத் தெரு அக்கா வந்தார்.

"பனைமரக் கருப்பட்டி இரண்டு கிலோ கொடுங்கள் அண்ணாச்சி."

"பங்குனிக்கு வா அக்கா. பதநீர் இறங்கட்டும்."

"சாக்கு நிறைய வைத்துக்கொண்டு இல்லை என்கிறீர்களே."

"அது சீனி கலந்தது. அட்டையில் போட்டிருக்கிறதே."

"இருக்கட்டும், அதிலேயே கொடுங்கள். பனைமரக் கவரில் மட்டும் போட்டுத் தாருங்கள். சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்."

அண்ணாச்சி எடை போட்டார். பிறகு, கட்டுக் கட்டாக இருந்த கவர்களைத் தாண்டிக் கையை நீட்டி, பரணிலிருந்து பழைய தினத்தாளை உருவினார்.