சுழல் தசமத்தைப் பின்னமாக்குவது எப்படி?

3-ஐ 11-ஆல் வகுத்துப் பார். 30-இல் 11 இரண்டு முறை போகும், மீதி 8. அடுத்து 80-இல் ஏழு முறை போகும், மீதி 3. மறுபடியும் 30-க்கே வந்துவிட்டோம். இனி 2, 7, 2, 7 என்று வந்துகொண்டே இருக்கும், வகுத்தல் முடியாது. விடை 0.272727...

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். 0.272727... என்பதை மட்டும் கொடுத்து, இது எந்தப் பின்னம் என்று கேட்டால்? வெறும் 0.27 என்றால் 27/100 என்று எழுதிவிடலாம். இங்கே இலக்கங்கள் முடியவே இல்லையே, 1-க்குப் பக்கத்தில் எத்தனை பூச்சியம் போடுவது? அந்த முடிவில்லாத வாலை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதற்குத்தான் இயற்கணிதம்.

அந்த எண்ணுக்கு x என்று பெயர் வைப்போம்.

x = 0.272727...

திரும்ப வரும் தொகுப்பில் இரண்டு இலக்கங்கள் இருப்பதால், இருபுறமும் 100-ஆல் பெருக்கு. புள்ளி இரண்டு இடம் வலப்பக்கம் நகரும்.

100x = 27.272727...

இரண்டு வரிகளையும் பார். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அச்சு அசலாக ஒன்றே. கீழ் வரியிலிருந்து மேல் வரியைக் கழித்தால் வால் மொத்தமும் போய்விடும்.

100x − x = 27
99x = 27
x = 27/99 = 3/11

கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். வராவிட்டால் நீ சரியாக யோசிக்கவில்லை என்பேன். 100-ஆல் பெருக்கியபோது இரண்டு இலக்கங்கள் புள்ளியைத் தாண்டி முன்னால் வந்துவிட்டன. அப்படியானால் பின்னால் இரண்டு இலக்கம் குறைந்திருக்க வேண்டாமா? 0.2727 என்று நான்கு இலக்கத்தோடு நிற்கிற எண்ணில் அப்படித்தான் ஆகும்: பெருக்கினால் 27.27, வால் குட்டையாகிவிடும். ஆனால் நம் எண்ணுக்குக் கடைசி இலக்கம் என்று ஒன்று கிடையாது. இரண்டு போனாலும் பின்னால் இருப்பது குறைவதில்லை. இந்த முறை முழுக்க நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான். 0.27 என்று பாதியில் நிறுத்திக்கொண்டு கழித்தால் 27 − 0.27 என்று அரைகுறையாக எதாவது வரும்.

எதால் பெருக்குவது என்பதில் குழப்பம் வேண்டாம். ஓர் இலக்கம் சுழன்றால் 10, இரண்டென்றால் 100, மூன்றென்றால் 1000. 0.142857142857... என்பதில் ஆறு இலக்கம் சுழல்கிறது; பத்து லட்சத்தால் பெருக்கிக் கழித்தால் 999999x = 142857, சுருக்கினால் 1/7.

சரி, மதிப்பெண் நழுவுகிற இடத்துக்கு வருவோம். 0.58333... என்று கொடுத்திருக்கிறார்கள். 5-உம் 8-உம் ஒரே தடவைதான் வருகின்றன, சுழல்வது 3 மட்டும். பலர் சட்டென்று 10-ஆல் பெருக்கி 5.8333... என்று எழுதிவிட்டு x-ஐக் கழிக்கப் போவார்கள். ஒன்றன்கீழ் ஒன்று எழுதிப் பார்: 5.8333..., 0.58333... மூன்றாம் இலக்கத்திலிருந்து வால்கள் பொருந்தினாலும், முதல் இலக்கத்தில் 8-உம் 5-உம், இரண்டாம் இலக்கத்தில் 3-உம் 8-உம் மோதுகின்றன. 9x = 5.25 என்று வரும். தவறில்லை, ஆனால் தொகுதியில் புள்ளி மிச்சம் இருக்கும். அதை நீக்க மறந்தால் போச்சு.

அதனால் முதலில் சுழலாத இரண்டு இலக்கங்களையும் புள்ளிக்கு முன்னால் தள்ளிவிடு:

100x = 58.333...

பிறகு இன்னொரு 10-ஆல் பெருக்கு:

1000x = 583.333...

இப்போது கழி. x-ஐ அல்ல, 100x-ஐ.

900x = 525
x = 525/900 = 7/12

7-ஐ 12-ஆல் வகுத்துச் சரிபார். அரை நிமிட வேலை, தேர்வில் இதை விட்டுவிடாதே. கால்குலேட்டரில் கடைசி இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2/3 போட்டால் பல கால்குலேட்டர்கள் 0.6666666667 என்று காட்டும். அந்த 7, திரையில் இடம் தீர்ந்ததால் முழுமையாக்கிப் போட்டது.

இதே முறையை 0.999...-இல் போட்டுப் பார். 10x = 9.999..., 9x = 9, x = 1. ஆம், சரியாக 1-ஏதான். "ஒரு துளியாவது குறையாதா?" என்று முதலில் எல்லாருக்கும் தோன்றும். குறைகிறது என்றால் எவ்வளவு? 0.1 இல்லை, 0.001 இல்லை, நீ எவ்வளவு சின்ன எண்ணைச் சொன்னாலும் வித்தியாசம் அதைவிடச் சின்னது. பூச்சியத்தைத் தவிர வேறு எந்த விடையும் பொருந்தாது.

நீயே மூன்று போடு: 0.1666..., 2.151515..., 3.2454545... விடைகள் 1/6, 71/33, 357/110. மூன்றாவதில் கழிக்க வேண்டியது 1000x-இலிருந்து 10x-ஐ.